நாலு விடையும் சரி, ஆனால் முதலில் எது? ஒரு அத்தியாயத்தோடு மூன்று வாரம் பட்ட பாடு

எங்கள் சிங்கப்பூர் மருத்துவமனை வார்டில் புதிதாகத் தாதிகளாகச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் ஆறு பேர் தாதிமைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, புத்தகம் எல்லாம் மனப்பாடம். ஆனா 'முதலில் என்ன செய்வீர்கள்'னு கேட்டா நாலு விடையும் சரியாத் தெரியுது" என்று ஒருத்தி சொன்னாள். சரி, ஒரு அத்தியாயத்தை எடுத்து அந்த மாதிரி கேள்விகள் எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு ஞாயிறு போதும் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. இரவு ஷிஃப்ட் முடிந்து யீஷூன் வீட்டுக்கு வந்து, தூக்கத்தை விட்டு உட்கார்ந்து நாற்பது கேள்வி எழுதினேன். அவற்றில் பதினொன்றுதான் தேறியது. நடுவில் பொறுமை இழந்து 90 வெள்ளி கொடுத்து ஆன்லைனில் ஒரு கேள்வித் தொகுப்பும் வாங்கினேன். அதில் இரத்தச் சர்க்கரை முழுக்க அமெரிக்க அளவில், மில்லிகிராம் கணக்கில் இருந்தது. இங்கே நம் மீட்டர் மில்லிமோலில் காட்டும். ஊரில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் ஏற்கெனவே சர்க்கரைக் குறைவின் எல்லை 70-ஆ, 4-ஆ என்று தடுமாறுகிறவர்கள். அந்தக் கேள்விகளைக் கொடுத்தால் இன்னும் குழம்புவார்கள் என்று மூடி வைத்துவிட்டேன். 18-ஆல் வகுத்தால் மில்லிமோல் வந்துவிடும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் கேள்வியிலேயே கணக்குப் போட வைத்தால் சோதிப்பது முன்னுரிமையை அல்ல, கணக்கை.

நான் எடுத்தது சர்க்கரை குறைந்துபோகும் ஹைப்போகிளைசீமியா அத்தியாயம். எல்லாருக்கும் தெரிந்தது, செயல்கள் கொஞ்சம்தான், எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் நாள் எழுதிய கேள்வி இப்படி இருந்தது: "நோயாளியின் இரத்தச் சர்க்கரை 3.1. தாதி முதலில் என்ன செய்ய வேண்டும்?" விடைகள்: 15 கிராம் குளுக்கோஸ் கொடுப்பது, அடுத்த வேளை இன்சுலினைப் போடுவது, நோயாளியை நடக்கச் சொல்வது, மதியச் சாப்பாடு வரை காத்திருப்பது. ஆறு பேரும் சரியாகச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: இதில் "முதலில்" என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் விடை அதேதான். மற்ற மூன்றும் தவறான செயல்கள். தவறானதைத் தள்ளத் தெரிந்தால் போதும், வரிசை தெரிய வேண்டியதில்லை. முதலில் எழுதிய பதினைந்து கேள்வியும் இதே வகை. அத்தனையையும் தூக்கிப் போட்டபோது கண்ணில் தண்ணீர் வராத குறைதான்.

ஆக, முதல் விதி: நாலு விடையும் அந்த நோயாளிக்கு உண்மையாகவே செய்ய வேண்டிய செயல்களாக இருக்க வேண்டும். இன்றைக்கு அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் நாலையும் நாமே செய்வோம். எது முன்னே, எது பின்னே என்பது மட்டும்தான் கேள்வி. இதைச் சொல்வது எளிது, புத்தகத்தை வைத்துக்கொண்டு செய்வது கடினம். ஏனென்றால் புத்தகம் செயல்களை ஒரே வரிசையில் 1, 2, 3 என்று அடுக்கிவிடுகிறது. அந்த வரிசையை அப்படியே கேட்டால் மனப்பாடம்தான் சோதிக்கப்படும்.

இரண்டாவது வாரம் வழியை மாற்றினேன். அத்தியாயத்தை இரண்டு நிற ஹைலைட்டரோடு படித்தேன். பச்சை என்றால் தாதி செய்யும் செயல். மஞ்சள் என்றால் கண்ணில் படும் அறிகுறி, அளவு அல்லது நிலைமை. பிறகு ஒவ்வொரு பச்சைக்கும் ஒரு சிறு அட்டை. அட்டையின் முன்பக்கம் செயல், பின்பக்கம் இரண்டு வரி: "இது எப்போது மட்டும்?", "இதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?" உதாரணமாக, வாய்வழி 15 கிராம் குளுக்கோஸ் என்ற அட்டையின் பின்னால்: அளவு 4-க்குக் கீழே, விழிப்போடு இருக்கிறார், விழுங்க முடிகிறது, வாய்வழி எதுவும் தடை இல்லை. குளுக்ககான் 1 மில்லிகிராம் தசை ஊசி என்ற அட்டையின் பின்னால்: விழுங்க முடியவில்லை, மருந்து ஏற்றக் கை நரம்பில் செருகிவைக்கும் சிறு குழாயான கேனுலா இல்லை. நரம்புவழி டெக்ஸ்ட்ரோஸ்: விழுங்க முடியவில்லை, கேனுலா இருக்கிறது, அது சரியாக ஓடுகிறது. 15 நிமிடம் கழித்து மறுபரிசோதனை: சிகிச்சை கொடுத்தாகிவிட்டது. மொத்தம் பத்து அட்டைதான் வந்தது. ஆனால் பின்பக்கத்தைப் பார்த்தவுடன் கேள்வி எங்கே பிறக்கிறது என்று தெரிந்துவிட்டது. இரண்டு அட்டையின் பின்பக்கம் ஒரே ஒரு வார்த்தையில் மட்டும் வேறுபட்டால், அங்கேதான் கேள்வி இருக்கிறது. குளுக்ககானும் டெக்ஸ்ட்ரோஸும் பிரிவது கேனுலா என்ற ஒரு சொல்லில். வாய்வழியும் நரம்புவழியும் பிரிவது விழுங்குதல் என்ற ஒரு சொல்லில்.

இதிலிருந்துதான் இரட்டைக் கேள்வி என்ற வழக்கத்துக்கு வந்தேன். ஒவ்வொரு கேள்வியையும் ஜோடியாகத்தான் எழுதுகிறேன். நாலு விடையும் எழுத்துக்கு எழுத்து அதே. சூழலில் ஒரே ஒரு தகவல் மட்டும் மாறும். மாற்றினால் சரியான விடையும் மாற வேண்டும். மாறவில்லையென்றால் அந்தத் தகவல் வெறும் அலங்காரம், கேள்வி இன்னும் கேள்வியாகவில்லை. நான் எழுதியதிலேயே நன்றாக வந்த ஜோடியை முழுதாகவே சொல்கிறேன்.

58 வயது ஆண், மருத்துவ வார்டு. காலை 7.45-க்கு உணவுக்கு முந்தைய விரைவு இன்சுலின் போடப்பட்டது. கஞ்சி இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு, பசியில்லை என்று தள்ளிவைத்துவிட்டார். 9.20-க்கு மணி அடித்துக் கூப்பிடுகிறார். நெற்றியில் வியர்வை, கை நடுங்குகிறது, கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறார். குளுக்கோமீட்டர் உங்கள் தள்ளுவண்டியிலேயே இருக்கிறது. விடைகள்: விரல் நுனியில் சர்க்கரை பார்ப்பது, 15 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பது, டாக்டருக்குச் சொல்வது, மருந்து அட்டையில் இன்சுலின் அளவைச் சரிபார்ப்பது. இதற்கு விடை சர்க்கரை பார்ப்பது. வியர்வையும் நடுக்கமும் வேறு காரணத்தாலும் வரலாம். மீட்டர் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, அரை நிமிட வேலை, நோயாளி விழிப்போடு இருக்கிறார். இப்போது இரட்டையில் ஒரு வரியை மட்டும் சேர்க்கிறேன்: "உடன் இருந்த தாதி இப்போதுதான் அளந்தாள், 3.1." விடை உடனே குளுக்கோஸுக்குத் தாவிவிடும். அளவு கையில் இருக்கும்போது மறுபடி அளப்பது நேரத்தை வீணாக்குவது.

இந்த ஜோடி ஏன் முக்கியம் என்றால், பிள்ளைகளிடம் ஒரு குறுக்குவழி இருக்கிறது. "சந்தேகம் வந்தால் பரிசோதிப்பதைத் தேர்ந்தெடு" என்று எங்கேயோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். முதலில் மதிப்பிடு, பிறகு செய் என்பது தாதிமையின் அடிப்படைதான், மறுக்கவில்லை. ஆனால் மதிப்பீடு சூழலிலேயே முடிந்துவிட்டால் அடுத்தது செயல். ஜோடியைக் கொடுத்தபோது ஆறு பேரில் நாலு பேர் இரண்டாவதிலும் "சர்க்கரை பார்ப்பது" என்றே போட்டார்கள். மூன்று வாரத்தில் முதன்முறையாக என் கேள்வி ஒன்று உண்மையில் எதையோ கண்டுபிடித்தது அன்றைக்குத்தான்.

மீட்டர் தள்ளுவண்டியில் இருக்கிறது என்று ஏன் எழுதினேன் என்றால், முதல் பிரதியில் அது இல்லை. ஒருத்தி கேட்டாள்: "அக்கா, மீட்டர் வேற நோயாளிகிட்ட மாட்டியிருந்தா? அறிகுறி இவ்வளவு இருக்கும்போது குளுக்கோஸ் கொடுத்துடலாமே?" அவள் சொன்னது சரி. மீட்டர் உடனே கிடைக்காவிட்டால் அறிகுறியை நம்பிச் சிகிச்சை தொடங்குவதுதான் முறை. கேள்வி எழுதும் நான் மனதில் மீட்டரை வைத்திருந்தேன், தாளில் வைக்கவில்லை. படிப்பவர் தாளில் இல்லாததை ஊகித்து விடை சொல்ல வேண்டியிருந்தால் அது கேள்வியின் குற்றம். இப்போது எழுதி முடித்ததும் ஒரு வேலை செய்கிறேன். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் வக்கீலாக மாறி, "எந்த நிலைமையில் இதுதான் சரி?" என்று வாதாடிப் பார்க்கிறேன். நியாயமான வாதம் ஒன்று கிடைத்தால், அந்த நிலைமை இல்லை என்று சூழலில் ஒரு வரி சேர்த்து அடைத்துவிடுகிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரு வரியால் அடைக்க முடியாது. என்னை ஒரு முழு வாரம் அலைக்கழித்தவை இரண்டு. முதலாவது, ஒரே மூச்சில் செய்கிற செயல்களைத் தனித்தனி விடையாக வைத்தது. நோயாளி அரைமயக்கத்தில் இருக்கிறார், எச்சில் வடிகிறது, அளவு 2.2. விடைகளில் "ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சுப் பாதையைக் காப்பது" என்று ஒன்று, "உதவிக்குக் குரல் கொடுப்பது" என்று இன்னொன்று. வார்டில் வேலை பார்த்த எவரும் சொல்வார், நோயாளியைத் திருப்பிக்கொண்டேதான் "யாராவது வாங்க" என்று கத்துவோம். வாயும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். அதைப் பிரித்து எது முதல் என்று கேட்பது செயற்கை. இரண்டு மூத்த தாதிகளிடம் காட்டினேன், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், இருவரும் சரி. இப்படிப்பட்ட இரண்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும், அல்லது "உதவி வந்துவிட்டது, அவசர மருந்துத் தள்ளுவண்டி பக்கத்தில்" என்று சூழலிலேயே ஒன்றை முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது, மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும் விஷயம். காலை பத்து மணிக்கு எண்டோஸ்கோபி, நோயாளி நில் பை மவுத், அதாவது வாய்வழி எதுவும் கொடுக்கக்கூடாது, விழிப்போடு இருக்கிறார், அளவு 3.3, கேனுலா இருக்கிறது. புத்தக வரிசைப்படி வாய்வழி குளுக்கோஸ். நில் பை மவுத் என்பதால் நரம்புவழி டெக்ஸ்ட்ரோஸ் என்று விடை எழுதினேன். ஒரு தாதி, தான் முன்பு வேலை பார்த்த இடத்தில் தெளிவான குளுக்கோஸ் பானம் கொஞ்சம் அனுமதிப்பார்கள் என்றாள். இன்னொருத்தி, டாக்டர் உத்தரவில்லாமல் டெக்ஸ்ட்ரோஸைத் தொடவே மாட்டோம் என்றாள். நான் விடாப்பிடியாக வாதாடியது இப்போது வெட்கமாக இருக்கிறது. இங்கே சரி தவறு புத்தகத்தில் இல்லை, அந்தந்த இடத்தின் நெறிமுறையில் இருக்கிறது. அதனால் சூழலில் "வார்டு நெறிமுறைப்படி, நில் பை மவுத் நோயாளிக்கு அளவு 4-க்குக் கீழே போனால் தாதியே நரம்புவழி டெக்ஸ்ட்ரோஸ் தொடங்கலாம்" என்று வெளிப்படையாக எழுதினேன். அப்படி எழுதியதும் கேள்வி உயிர் பெற்றது. கொடுத்த நெறிமுறையைப் படித்துச் செயல்படுகிறார்களா, அல்லது புத்தக வரிசையைக் கண்மூடி ஒப்பிக்கிறார்களா என்று பார்க்க முடிந்தது. எழுத முடியாத இடங்களில் கேள்வியையே கைவிட்டேன்.

உள்ளூர் மணம் சேர்ப்பதிலும் ஒரு பாடம் கிடைத்தது. அமெரிக்கக் கேள்விகளில் ஆரஞ்சு ஜூஸும் கிராக்கர் பிஸ்கட்டும்தான் வரும். நான் ஆசையாக, மகன் கீழே கடையிலிருந்து கோப்பி ஓ கோசோங் வாங்கி வந்து அப்பாவுக்கு நீட்டுகிறான் என்று எழுதினேன். கோசோங் என்றால் சீனி இல்லை, கொடுத்தும் பயனில்லை. சிங்கப்பூரில் பிறந்தவர்கள் சிரித்துக்கொண்டே பிடித்துவிட்டார்கள். போன மாதம் திருச்சியிலிருந்து வந்தவள் கோசோங் என்றால் என்னவென்று தெரியாமல் தவறவிட்டாள். அவளுக்குத் தாதிமை தெரியும், கோப்பிக்கடை மொழிதான் தெரியாது. அதனால் "சீனி போடாத கறுப்புக் காப்பி" என்று மாற்றினேன். அதுவும் முன்னுரிமைக் கேள்விக்கு அல்ல, அறிவுக் கேள்விக்குத்தான் பொருந்தும் என்று தனியே எடுத்து வைத்தேன். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சாதாரணச் சீனி சரிவராது, குளுக்கோஸே வேண்டும் என்பவையும் இதே ரகம். நல்ல கேள்விகள்தான், ஆனால் "எதைக் கொடுப்பது" என்ற கேள்விகள். இவற்றை வரிசைக் கேள்வியோடு கலந்தால், தவறு செய்தவர் எதில் தவறினார் என்றே தெரியாது.

சிகிச்சைக்குப் பிந்தைய கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அங்கேதான் சுலபமாக நல்ல ஜோடி கிடைக்கிறது. அதே 58 வயதுக்காரர். 9.22-க்கு குளுக்கோஸ் குடித்தார். 9.37-க்கு அளவு 3.6, விழிப்போடு இருக்கிறார், விழுங்குகிறார். விடைகள்: இன்னொரு 15 கிராம் குளுக்கோஸ், ரொட்டியும் பாலும், டாக்டருக்குத் தகவல், நடந்ததைப் பதிவு செய்வது. அளவு இன்னும் 4-க்குக் கீழே இருப்பதால் குளுக்கோஸ் மறுபடி. ஜோடியில் 3.6 என்பதை 5.2 ஆக்கி, மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்று இரண்டிலும் பொதுவாக வைத்தால், இப்போது ரொட்டியும் பாலும் முன்னே வரும். ஏறிய சர்க்கரை தங்க வேண்டும், காலையில் போட்ட இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கலாம். மாறியது ஒரே ஒரு எண். 3.6 என்பதை 3.9 என்று வைத்துப் பார்த்தேன், அது வேண்டாம். எல்லையிலேயே எண் நின்றால் பிள்ளைகள் சிந்திப்பதை விட்டு 3.9 குறைவா சரியா என்று சண்டை போடுவார்கள்.

விடைகளை எழுதும்போது கண்ணுக்குத் தெரியாமல் நாமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறோம். என் பழைய தாள்களில் சரியான விடைதான் எப்போதும் நீளமாக இருந்தது, ஏனென்றால் யாரும் குறை சொல்லக்கூடாதென்று அதற்கு மட்டும் அளவு, வழி, நேரம் எல்லாம் எழுதியிருந்தேன். "உடனே" என்ற சொல்லும் அதில் மட்டும் இருந்தது. ஒருத்தி சூழலைப் படிக்காமலே பத்தில் எட்டு சரியாகப் போட்டுக் காட்டினாள். "நீங்க எழுதுறப்ப தெரியுது அக்கா" என்றாள். அன்றிலிருந்து சூழல் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு விடைகளை மட்டும் யாரிடமாவது காட்டுகிறேன். அவர்கள் சரியானதைச் சொல்லிவிட்டால் விடைகளைத் திருத்துகிறேன். ஜோடியாக எழுதினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தானாகப் போய்விடும். ஒரே நாலு விடை இரண்டு கேள்விக்கும் பொருந்த வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் அலங்கரிக்க முடியாது.

ஆறு பேரை வைத்துக்கொண்டு சதவீதம் போடுவதில் அர்த்தமில்லை என்பதையும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். இப்போது விடைக்குக் கீழே ஒரு வரி கேட்கிறேன்: "சூழலில் எந்த ஒரு தகவலைப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" விடை சரி, காட்டிய தகவல் தவறு என்றால் அதை ஊகம் என்று கணக்கில் வைக்கிறேன். சரியான விடை சொன்ன மூன்று பேர் மூன்று வேறு தகவலைக் காட்டினால், என் சூழலில் தேவைக்கு மேல் துப்பு இருக்கிறது, குறைக்கிறேன்.

அடுத்து இரத்தம் ஏற்றும் அத்தியாயத்தை எடுத்தேன். இந்தத் தடவை இரண்டே மாலையில் எட்டுக் கேள்வி. இருந்தாலும் ஒரு இடத்தில் முட்டியது. இரத்தம் ஏறத் தொடங்கி பத்து நிமிடத்தில் குளிர், முதுகுவலி, காய்ச்சல். எப்படி எழுதினாலும் முதல் செயல் இரத்தத்தை நிறுத்துவதுதான். எந்தத் தகவலை மாற்றினாலும் விடை அசையவில்லை, எல்லாருக்கும் அது மனப்பாடம். அதனால் நிறுத்தியாகிவிட்டது என்று சூழலிலேயே எழுதிவிட்டு, கேள்வியை ஒரு படி கீழே இறக்கினேன்: "இரத்தத்தை நிறுத்திவிட்டீர்கள். கேனுலா உள்ளேயே இருக்கிறது. அடுத்து?" அங்கே பிள்ளைகள் பிரிந்தார்கள். பாதிப் பேர் அதே குழாயில் சலைன் விடுவோம் என்றார்கள். அந்தக் குழாய்க்குள் மிச்சமிருக்கும் இரத்தமும் சலைனோடு சேர்ந்து நோயாளிக்குள்தான் போகும். புதுக் குழாயை மாட்டி, அதன் வழியாகத்தான் சலைனை மெதுவாக ஓடவிட்டு நரம்பைத் திறந்து வைக்க வேண்டும்.